மாற்றுச் சிறுநீரகத்தோடு வீடு திரும்பியவர்களுக்கு: மாத்திரை நேரம், தவறிய வேளை, காய்ச்சல்

எனக்கு அம்மா சிறுநீரகம் கொடுத்தார்கள். ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டாம் நாள் சென்னையிலிருந்து கும்பகோணம் வந்து சேர்ந்தேன். கையில் ஒரு பை நிறைய மாத்திரை, ஆறு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி, கோஆர்டினேட்டரின் போன் நம்பர். என்ன மாத்திரை, எத்தனை என்றெல்லாம் அதில் இருந்தது. ஒரு வேளை தவறினால் என்ன செய்வது, ரத்தம் கொடுக்கும் நாளில் மாத்திரை போடலாமா, இருமலுக்குப் பக்கத்து டாக்டரிடம் போகலாமா என்பதெல்லாம் இல்லை. சொல்லியிருப்பார்கள், அன்றைக்கு என் காதில் ஏறவில்லை. இரண்டாவது மாதமே அதற்கான விலையைக் கொடுத்தேன். இப்போது ஆறாவது வருஷம் நடக்கிறது. நீங்கள் அந்த வழியாகப் போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. கீழே உள்ள மணிக்கணக்குகள் எங்கள் யூனிட்டில் எனக்குச் சொன்னவை. உங்கள் யூனிட் வேறு கணக்குச் சொன்னால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். இதைப் படித்துவிட்டு அடுத்த ஓ.பி.யில் "எனக்கு எத்தனை மணி நேரம் வரை?" என்று கேட்டு, பதிலை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. மூன்று மாத்திரைகளையும் பெயர் சொல்லி அடையாளம் காணுங்கள்

நம்மில் பெரும்பாலானவர்கள் சாப்பிடுவது மூன்று மருந்துகள்: டாக்ரோலிமஸ், மைகோபினோலேட், பிரெட்னிசோலோன். உடம்பின் எதிர்ப்புச் சக்தி புதுச் சிறுநீரகத்தை வேற்றாளாகப் பார்த்துத் தாக்காமல் இவை மூன்றும் சேர்ந்துதான் தடுக்கின்றன. கூடவே தரும் பிரஷர் மாத்திரை, வயிற்றுக்கான மாத்திரை, தொற்று வராமலிருக்கத் தரும் மாத்திரைகள் எல்லாம் மாறும், குறையும், சில மாதங்களில் நிற்கும். இந்த மூன்றின் அளவும் போகப் போகக் குறையலாம். ஆனால் நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது.

டாக்ரோலிமஸ் சாதாரண வகை என்றால் 12 மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை. நான் காலை 8, இரவு 8 என்று வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட வேண்டும், ஏனென்றால் வயிறு நிறைந்திருந்தால் மருந்து குறைவாகத்தான் ரத்தத்தில் சேரும். மைகோபினோலேட்டும் இரண்டு வேளைதான். பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டு, காலை உணவுக்குப் பிறகு ஒரு தடவை.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. டாக்ரோலிமஸில் நாளுக்கு ஒரே தடவை போடும் வகையும் இருக்கிறது. அட்டைப்பெட்டியும் பெயரும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். கடைக்காரர் மாற்றிக் கொடுத்து, நீங்கள் அதை இரண்டு வேளை போட்டால் மருந்தின் அளவு முற்றிலும் கலைந்துவிடும். மைகோபினோலேட்டிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று 500 மி.கி., இன்னொன்று 360 மி.கி. எண்ணைப் பார்த்து 360 குறைவு என்று நினைக்காதீர்கள். அது வேறு உப்பு. 500-க்கு ஏறக்குறைய ஈடானதுதான். டாக்டர் சொல்லாமல் ஒன்றுக்குப் பதில் மற்றதை வாங்கக் கூடாது.

மாத்திரையை ஸ்ட்ரிப்பிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி வைக்க வேண்டாம். டாக்ரோலிமஸ் கேப்சூல் ஈரம் தாங்காது. நான் கத்தரிக்கோலால் ஸ்ட்ரிப்பை ஒவ்வொரு கேப்சூலாக வெட்டி, மூடி உடையாமல், வாரத்துக்கான டப்பாவில் போட்டு வைக்கிறேன். இரவு 8 மணிக்கு அந்தக் குழியைப் பார்த்தாலே போட்டேனா இல்லையா என்பது தெரிந்துவிடும். "போட்ட மாதிரி இருக்கே" என்ற குழப்பம் எல்லாருக்கும் வரும். வந்தால் டப்பாதான் சாட்சி, ஞாபகத்தை நம்பாதீர்கள்.

2. லெவல் டெஸ்ட் அன்று காலை மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்

நான் விலை கொடுத்த இடம் இதுதான்.

டாக்ரோலிமஸ் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதை எல்லாரும் 'லெவல்' என்பார்கள். அளக்க வேண்டியது அடுத்த வேளை போடுவதற்குச் சற்று முன்னால், அதாவது மருந்து மிகவும் இறங்கியிருக்கும் நேரத்தில். இரவு 8-க்குப் போட்டிருந்தால் காலை 8 மணியை ஒட்டி ரத்தம் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் காலை மாத்திரை. போட்டுவிட்டுக் கொடுத்தால் மருந்து ஏறிக்கொண்டிருக்கும் நேரம் அது. எண் பெரிதாக வரும்.

இரண்டாவது மாதம் ஊரில் லேப் பையன் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தான். எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னவன் ஒன்பதரைக்கு வந்தான். நான் வழக்கம்போல எட்டுக்கு மாத்திரை போட்டுவிட்டேன். ரிசல்ட் 16.8. அந்தக் கட்டத்தில் எனக்கு எங்கள் யூனிட் வைத்திருந்த இலக்கு 8-லிருந்து 10. எண்ணை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், மாத்திரை போட்டதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தெரியாது. காலை 3 மி.கி., இரவு 3 மி.கி. என்றிருந்ததை 2, 2 என்று குறைத்தார்கள். பத்து நாள் கழித்து ஓ.பி.யில் சரியான நேரத்தில் எடுத்தபோது லெவல் 4.3. சிறுநீரகம் சுணங்கினால் ஏறும் கிரியேட்டினின் 1.1-லிருந்து 1.5.

எனக்கு ஒரு வலியும் இல்லை. சிறுநீர் நன்றாகப் போனது, கால் வீங்கவில்லை, பசித்தது, தூங்கினேன். அன்றைக்கே அட்மிட் செய்து பயாப்சி எடுத்தார்கள். உடம்பு புதுச் சிறுநீரகத்தைத் தாக்கும் நிராகரிப்பு தொடங்கியிருந்தது. மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி போட்டு, டாக்ரோலிமஸ் அளவைத் திரும்ப ஏற்றினார்கள். கிரியேட்டினின் 1.2-க்கு இறங்கியது. 1.1 திரும்பி வரவே இல்லை.

நிராகரிப்பு உடம்பில் எதையும் காட்டாமல் எண்ணில் மட்டும் முதலில் தெரியலாம். அதனால் அந்த எண் சரியாக வர வேண்டும். ரிப்போர்ட் அனுப்பும்போது மூன்று விஷயங்களைச் சேர்த்து அனுப்புங்கள்: முந்தின இரவு மாத்திரை போட்ட நேரம், ரத்தம் எடுத்த நேரம், இப்போது சாப்பிடும் அளவு. நான் அனுப்பும் செய்தி இப்படி இருக்கும்: "இரவு 8.05 மாத்திரை. காலை 7.50 ரத்தம். அதன் பிறகே காலை மாத்திரை. டாக்ரோ 2.5 – 2.5. லெவல் 6.4. கிரி 1.2."

லேப் ஆள் தாமதித்தால் மாத்திரையும் தாமதிக்கலாம். ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தால் கெடுதல் இல்லை. அதற்கு மேல் ஆகும் என்றால் மாத்திரையைப் போட்டுவிட்டு டெஸ்ட்டை மறுநாளுக்குத் தள்ளிவிடுங்கள். முந்தின ஒன்றிரண்டு நாளில் ஏதாவது வேளை தவறியிருந்தாலும் அந்த எண் பொய் சொல்லும். திட்டுவார்கள் என்று மறைக்காமல் தவறியதைச் சொல்லிவிட்டால், டெஸ்ட்டைச் சில நாள் தள்ளி வைப்பார்கள், அவ்வளவுதான்.

3. ஒரு வேளை தவறினால்

முதலில் ஒரு விதி: இரண்டு வேளையைச் சேர்த்துப் போடக் கூடாது. டாக்ரோலிமஸ் ரத்தத்தில் திடீரென ஏறினால் கை நடுங்கும், தலை வலிக்கும், பிரஷர் ஏறும். காப்பாற்ற வேண்டிய சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தக் குழாய்களையே அது சுருக்கும்.

12 மணி நேர இடைவெளியைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தவறிய வேளை ஞாபகம் வரும்போது ஆறு மணி நேரத்துக்குள் இருந்தால் உடனே போடுங்கள், அடுத்த வேளை வழக்கமான நேரத்துக்கே. ஆறு மணி நேரம் தாண்டிவிட்டால் அந்த வேளையை விட்டுவிட்டு, அடுத்ததை அதன் நேரத்தில் அதன் அளவில் போடுங்கள். இது எங்கள் யூனிட் கணக்கு. சில யூனிட்டில் நான்கு மணி நேரம் என்பார்கள். மைகோபினோலேட்டுக்கும் இதே கணக்குத்தான்.

எனக்கு நடந்ததை வைத்துச் சொல்கிறேன். நான்காவது மாதம் ஓ.பி. முடித்து இரவு பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினேன். மாத்திரைப் பை பெரிய பையோடு கீழே டிக்கியில் போய்விட்டது. எட்டு மணிக்குப் போன் அலாரம் அடித்தது, இறங்கி எடுத்துக்கொள்ளலாம் என்று அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது மணி ஒன்று. கணக்குப் போட்டேன்: ஐந்து மணி நேரம் தாமதம், ஆறுக்குள் இருக்கிறது. அடுத்து பஸ் நின்ற இடத்தில் டிக்கியைத் திறக்கச் சொல்லி, ஒன்றே கால் மணிக்கு டாக்ரோலிமஸும் மைகோபினோலேட்டும் போட்டேன். மறுநாள் காலை வேளை எட்டு மணிக்கே. நோட்டில் "இரவு வேளை 1.15-க்கு" என்று எழுதினேன். கண் விழித்தது மூன்று மணிக்கு என்றால்? ஏழு மணி நேரம் ஆகியிருக்கும். அந்த வேளையை விட்டுவிட்டு, காலை எட்டுக்கு வழக்கமான அளவு மட்டும் போட்டு, கோஆர்டினேட்டருக்குச் செய்தி அனுப்பியிருப்பேன். அன்றிலிருந்து இரண்டு நாளுக்கான மாத்திரை எப்போதும் என் சட்டைப் பையிலோ தோள் பையிலோ இருக்கும். டிக்கிக்குப் போகும் பையில் மருந்து வைப்பதே இல்லை.

பிரெட்னிசோலோன் காலையில் மறந்துபோனால் அதே நாளில் எப்போது ஞாபகம் வந்தாலும் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் அன்றைய அளவு மட்டும். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் பிரஷர் இறங்கி மயக்கம் வரை போகலாம். நீண்ட நாள் வெளியிலிருந்து கொடுத்ததால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்திருக்கும்.

வாந்தி எடுத்தால் கடிகாரத்தைப் பாருங்கள். மாத்திரை போட்டு அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால், அல்லது வாந்தியில் மாத்திரையே தெரிந்தால், வயிறு கொஞ்சம் அடங்கியதும் அந்த வேளையைத் திரும்பப் போட வேண்டும். ஒரு மணி நேரம் தாண்டியிருந்தால் திரும்பப் போட வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் என்றால் போன் செய்து கேளுங்கள். நான் கேட்டபோது பாதி அளவு போடச் சொன்னார்கள். இரண்டு வேளை தொடர்ந்து வயிற்றில் நிற்கவில்லை என்றால் வீட்டில் உட்காராதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஸ்டீராய்டையாவது ஊசியாகக் கொடுத்தாக வேண்டும். இரண்டு வேளை தொடர்ந்து மறந்துபோனாலும் அதே நாளில் போன் செய்யுங்கள்.

தவறுதலாக இரட்டை அளவு போட்டுவிட்டீர்களா? ஒரு தடவை என்றால் பதற வேண்டாம். போன் செய்யுங்கள். ஈடு கட்டுவதாக நினைத்து அடுத்த வேளையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

விரதம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாத்திரையை விழுங்க ஒரு மிடறு தண்ணீர் வேண்டும், நாள் முழுவதும் தண்ணீரும் வேண்டும். தண்ணீர் குடிக்காத விரதங்களை டாக்டரிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

4. வேறு எந்த மருந்தும் போன் செய்யாமல் வேண்டாம்

என்னோடு அதே மாதம் ஆபரேஷன் ஆன அண்ணன் ஒருவருக்கு இருமல். தெருவிலேயே இருந்த கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தார்கள், கிளாரித்ரோமைசின். இருமல் நின்றது. ஐந்தாம் நாள் காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. லெவல் 20-ஐத் தாண்டியிருந்தது, கிரியேட்டினினும் ஏறியிருந்தது. டாக்ரோலிமஸை உடம்பிலிருந்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை அந்த மருந்து அடைத்துவிடும். எரித்ரோமைசின் அப்படித்தான். பூஞ்சைக்குக் கொடுக்கும் புளுகோனசோல், இட்ராகோனசோல், கீட்டோகோனசோல், பிரஷருக்கான டில்டியாசெம் எல்லாமே லெவலை ஏற்றும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. ஆரம்ப மாதங்களில் சிலருக்கு வாய்ப்புண் வராமலிருக்கப் புளுகோனசோல் கொடுப்பார்கள். லெவல் அதோடு சேர்த்துத்தான் சரிசெய்யப்பட்டிருக்கும். அந்த மாத்திரையை நிறுத்தும் நாளிலிருந்து லெவல் இறங்கத் தொடங்கும். "ஒரு மாத்திரை குறைந்தது" என்ற சந்தோஷத்தில் இது கண்ணில் படாது. நிறுத்தினால் ஒரு வாரத்தில் லெவல் பார்க்க வேண்டுமா என்று அன்றைக்கே கேளுங்கள். டில்டியாசெம் நிறுத்தினாலும் இதே கதைதான்.

லெவலை மளமளவென்று இறக்குவது ரிபாம்பிசின். காசநோய்க்கான முக்கிய மருந்து அது, அரசு கொடுக்கும் கூட்டு மாத்திரையில் இருக்கும். நமக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் இதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம். காசநோய் மையத்தில் மாத்திரையைக் கையில் வாங்கும் முன்பே "எனக்குச் சிறுநீரகம் மாற்றியிருக்கிறது" என்று சொல்லி, இரண்டு டாக்டர்களையும் போனில் பேச வையுங்கள். ரிபாம்பிசின் இல்லாத வேறு சேர்க்கை கொடுக்கலாம், அல்லது டாக்ரோலிமஸை நிறைய ஏற்றி அடிக்கடி லெவல் பார்க்கலாம். காசநோய் மருந்தைத் தவிர்த்துவிட மட்டும் கூடாது. வலிப்புக்கான பெனிடோயின், கார்பமாசெபைன் இரண்டும் லெவலை இறக்குபவை.

வலி மாத்திரைகளில் டைக்ளோபினாக், ஐபுபுரோபென், அசிக்ளோபினாக் எதுவும் வேண்டாம், அவை சிறுநீரகத்தையே தாக்கும். பாராசிட்டமால் போடலாம். பல் டாக்டர், எலும்பு டாக்டர் யாரிடம் போனாலும் சீட்டு எழுதும் முன் சொல்லிவிடுங்கள். நாட்டு மருந்து, லேகியம், எதிர்ப்புச் சக்தி கூட்டும் கஷாயம் எல்லாவற்றையும் அன்போடு கொண்டுவந்து தருவார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கத்தான் நாம் மாத்திரை சாப்பிடுகிறோம் என்று ஒரு தடவை பொறுமையாக விளக்கிவிட்டு, வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள். பழங்களில் கிரேப்புரூட், பம்பளிமாஸ் இரண்டும் லெவலை ஏற்றும்.

வயிற்றுப்போக்கு வந்தாலும் போன் செய்ய வேண்டும். மருந்து சரியாகச் சேராமல் லெவல் இறங்கும் என்றுதான் நானும் நினைத்தேன். டாக்ரோலிமஸில் பெரும்பாலும் நேர்மாறாக, லெவல் ஏறிவிடும். கூடவே உடம்பில் நீர் வற்றினால் கிரியேட்டினினும் ஏறும். சிலருக்கு மைகோபினோலேட்டே வயிற்றுப்போக்கை உண்டாக்கும். அதற்காக நீங்களாக நிறுத்தாமல் சொன்னால், அளவைப் பிரித்துக் கொடுப்பார்கள் அல்லது வகையை மாற்றுவார்கள்.

குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்கள் கட்டாயம் கேட்க வேண்டியது ஒன்று: மைகோபினோலேட் கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கும். கருத்தரிக்கத் திட்டமிட்டால் குறைந்தது ஆறு வாரம் முன்பே அதை வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும். மாற்றிக் கொடுக்க மருந்து இருக்கிறது, அதனால் தயங்காமல் முன்கூட்டியே பேசுங்கள்.

5. காய்ச்சல்: 100.4

ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிப் படுக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள். 100.4 டிகிரி பாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ் வந்தால் இரவு எத்தனை மணியானாலும் போன் செய்ய வேண்டும். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கும். அதனால் 99.5 இருந்து உடம்பு நன்றாக இல்லை, நடுக்கம் எடுக்கிறது என்றாலும் காத்திருக்க வேண்டாம். பாராசிட்டமால் போட்டு வெப்பத்தை இறக்கிவிட்டு "சரியாகிவிட்டது" என்று படுப்பதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு. முதலில் அளந்து, எழுதி, போன் செய்துவிட்டுப் பிறகு போடுங்கள்.

முதல் ஆறு மாதம்தான் மருந்தின் அளவு அதிகம், அதனால் தொற்று அதிகம் வரும் காலமும் அதுதான். அப்போது கொடுக்கும் கோட்ரைமாக்சசோல் நுரையீரலைத் தாக்கும் ஒரு பூஞ்சைக்காக. வால்கான்சிக்ளோவிர் சி.எம்.வி. என்ற வைரஸுக்காக. இரண்டாவது விலை அதிகம், அதனால் சீக்கிரம் நிறுத்திவிடத் தோன்றும். எப்போது நிறுத்துவது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் தேதி இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்குங்கள். நிறுத்திய பிறகு வரும் வாரங்களில் காய்ச்சல், அசதி, வயிற்றுப்போக்கு வந்தால் சி.எம்.வி.யை நினைவுபடுத்திக் கேளுங்கள்.

சாப்பாட்டில் நான் வைத்திருக்கும் ஒழுங்கு எளிதானது. தண்ணீர் கொதித்து ஆறியது. சமைத்தது சூடாக. வெளியே வெட்டி வைத்த பழம், ஐஸ் போட்ட கரும்புச் சாறு, பானிபூரி வேண்டாம். பழத்தை வீட்டில் கழுவித் தோல் சீவிச் சாப்பிடலாம். பழைய சோறு எனக்கு உயிர். எங்கள் யூனிட்டில் முதல் ஆறு மாதம் வேண்டாம் என்றார்கள், விட்டுவிட்டேன்.

டெல்டாக்காரர்களுக்கு வயல் இருக்கும். சேற்று மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் உள்ள கிருமிகள் நமக்குக் கடுமையாக வரலாம், எலிக்காய்ச்சல் அதில் ஒன்று. வெறுங்காலோடு வயலில், மழை வெள்ளத்தில் இறங்க வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் பூட்ஸும் கையுறையும் போடுங்கள், கால் கையில் காயம் இருந்தால் அன்றைக்கு இறங்கவே வேண்டாம். புறா எச்சம் கூட்டுவது, பழைய சுவரை இடிக்கும் இடத்தில் நிற்பது இரண்டும் பூஞ்சைத் தொற்றுக்கு வழி. டெங்கு பரவும் மாதங்களில் கொசுவலை கட்டாயம்.

தடுப்பூசி விஷயத்தில் ஒரே கேள்வி: "இது உயிருள்ள தடுப்பு மருந்தா?" தட்டம்மை, அம்மை வகை ஊசிகள், வாய்வழிப் போலியோ சொட்டு எல்லாம் உயிருள்ளவை, நமக்குக் கூடாது. வருடாந்தரப் புளூ ஊசி, நிமோனியா ஊசி, ஹெபடைட்டிஸ் பி மூன்றையும் எப்போது போடுவது என்று யூனிட்டில் கேளுங்கள். வீட்டில் குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுத்தால் சில வாரம் அதன் மலத்தில் அந்தக் கிருமி வெளியேறும். அந்த வாரங்களில் கழுவிவிடும் வேலையை வேறொருவர் செய்யட்டும். வீட்டில் யாருக்காவது சின்னம்மை வந்து, உங்களுக்கு இதுவரை வந்ததில்லை என்றால், கொப்புளம் தெரிந்த அன்றே போன் செய்யுங்கள். முதல் சில நாளில் கொடுக்கும் மருந்துதான் பலன் தரும்.

6. பணமும் காகிதமும்

அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் ஆனவர்கள் மாத்திரையை அங்கேயே இலவசமாக வாங்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், அதற்குப் பிந்தைய மருந்துக்கு எதுவரை, எங்கே கிடைக்கும் என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கேட்டால் அலைச்சல். ரேஷன் அட்டை, ஆதார், காப்பீட்டு அட்டை, வருமானச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி ஐந்தையும் இரண்டு செட் நகலெடுத்து ஒரே உறையில் வையுங்கள்.

நான் வெளியில் வாங்குகிறேன். முதல் வருஷம் மாத்திரைக்கு மட்டும் மாதம் பத்தாயிரத்தைத் தாண்டியது, அளவு குறைந்த பிறகு கொஞ்சம் இறங்கியது. லெவல் டெஸ்ட், அதற்காகச் சென்னைக்குப் போய்வரும் செலவு தனி. ஆரம்பத்தில் வாரம் ஒரு முறைக்கு மேலும் டெஸ்ட் இருக்கும், பிறகு மாதம் ஒன்றாகும், அப்புறம் இடைவெளி நீளும். முதல் மூன்று மாதச் செலவைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பணம் குறைந்தால் மாத்திரையைக் குறைத்துச் சமாளிப்பவர்களை ஓ.பி. வரிசையில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதற்கு முன்னால் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். விலை குறைந்த பிராண்டுக்கு முறையாக மாற்றித் தர அவர்களால் முடியும்.

முறையாக என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. டாக்ரோலிமஸில் பிராண்டு மாறினால் லெவலும் மாறலாம். கடையில் "அதே மருந்துதான், கம்பெனிதான் வேற" என்பார்கள். அரசு மருந்தகத்திலும் கொள்முதல் மாறும்போது வேறு கம்பெனி வரும். அதை மறுக்க வேண்டியதில்லை. புதுப் பெட்டியைப் படம் எடுத்து யூனிட்டுக்கு அனுப்பி, ஒன்றிரண்டு வாரத்தில் லெவல் பார்த்துக்கொண்டால் போதும். ஒரே மாதத்தில் பாதி அந்தப் பிராண்டு, பாதி இந்தப் பிராண்டு என்று கலக்கத்தான் கூடாது.

கையிருப்பு பத்து நாளுக்குக் கீழே இறங்கும் முன் வாங்கிவிடுங்கள். பொங்கல், தீபாவளி விடுமுறையில் சின்ன ஊர்களில் இந்த மருந்து கிடைக்காது. 2015 சென்னை வெள்ளம் போல ஒரு வாரம் வந்துவிட்டால் பெரிய ஊரிலும் கிடைக்காது.

7. ஒரு நோட்டு, முதல் பக்கத்தில் இவை

மடித்துப் பையில் வைக்கிற அளவுக்கு ஒரு நோட்டு. முதல் பக்கத்தில் உங்கள் பெயர், ரத்த வகை, "சிறுநீரக மாற்று நோயாளி" என்ற வரி, ஆபரேஷன் தேதி, மூன்று மருந்துகளும் அவற்றின் பிராண்டும் அளவும், ஒவ்வாமை, யூனிட்டின் இரவு நேர நம்பர். நீங்கள் மயங்கிக் கிடந்தாலும் வேறொருவர் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே தினமும் ஒரு வரி: எடை, பிரஷர், வெப்பநிலை, மாத்திரை போட்ட நேரம். டெஸ்ட் நாளில் லெவலும் கிரியேட்டினினும்.

ஒரு நாளில் ஒரு கிலோ, இரண்டு நாளில் இரண்டு கிலோ எடை ஏறினால், சிறுநீர் குறைந்தால், புதுச் சிறுநீரகம் இருக்கும் அடிவயிற்றில் வலியோ இறுக்கமோ இருந்தால், பிரஷர் வழக்கத்தைவிட ஏறி நின்றால் போன் செய்யுங்கள். கிரியேட்டினின் உங்கள் வழக்கமான எண்ணிலிருந்து 0.3 ஏறினால், லேப் தாளில் அது இன்னும் 'நார்மல்' கட்டத்துக்குள் இருந்தாலும் சொல்லுங்கள். எனக்கு 1.2 என்றால் எனக்கு 1.5 நார்மல் இல்லை. லேப்காரர் தடித்த எழுத்தில் அச்சடிக்காததால் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

போன் செய்யும்போது நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுங்கள். கோஆர்டினேட்டர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீங்க?"